பால் லேப்ல வேலைன்னு விருந்துல எப்படி சொல்றது?

கேள்வி: அக்கா, நான் மீனாட்சிபுரம் பக்கம் ஒரு பால் சில்லிங் சென்டர்ல லேப்ல இருக்கேன். குடியிருக்கறது கொழிஞ்சாம்பாறை. வீட்டுக்காரர் பாலக்காட்டுல பேங்க்ல இருக்கார், அவங்க ஆபீஸ் ஃபிரண்ட்ஸ் வீட்டு விசேஷம், பார்ட்டி எதுக்குப் போனாலும் "என்ன வேலை பண்றீங்க"ன்னு கேப்பாங்க, நான் "டெய்ரில குவாலிட்டி கண்ட்ரோல்"னு சொல்லுவேன், "ஓ, நல்லதுங்க"ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிடுவாங்க. கொஞ்சம் விளக்கி சொன்னா போனை எடுத்துப் பாக்கறாங்க. ஓணத்துக்கு எல்லாரும் ஒரு ஃபிளாட்ல கூடறோம். நீங்க பல வருஷமா பால் லேப்லயே இருக்கறவங்க, நீங்க எப்படி சொல்லுவீங்க?

பதில்:

அம்மிணி, "குவாலிட்டி கண்ட்ரோல்"ங்கறது சம்பள சிலிப்புல இருக்கற பேரு. திருப்பூர் பனியன் கம்பெனியிலயும் அதே பேருதான், மாத்திரை கம்பெனியிலயும் டயர் கம்பெனியிலயும் அதே பேருதான். கேக்கறவங்க கண்ணு முன்னாடி அந்த பேரு எதையும் கொண்டு வந்து நிறுத்தாது, பாலையும் நிறுத்தாது, உன்னையும் நிறுத்தாது. எதுவும் தெரியாதப்போ அடுத்த கேள்வி எங்கிருந்து வரும், அதனால "நல்லதுங்க"ன்னு மரியாதையா முடிச்சுக்கறாங்க. அவங்க மேல தப்பு சொல்ல முடியாது.

விளக்கி சொன்னா போனை எடுக்கறாங்கன்னு எழுதிருக்க இல்ல, நீ என்ன சொல்லிருப்பேன்னு எனக்கு ஓரளவு தெரியும், ஏன்னா லேப்ல இருக்கறவங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்லுவோம். டேங்கர் வரும், சாம்பிள் எடுப்போம், டெம்பரேச்சர் பாப்போம், அப்புறம் ஃபேட், சி.எல்.ஆர், எஸ்.என்.எஃப், சி.ஓ.பி, எம்.பி.ஆர்.டின்னு வேலை நடக்கற வரிசையிலயே சொல்லிட்டுப் போவோம். எம்.பி.ஆர்.டின்னு நீ சொல்றப்போ உன் மனசுல நீலக் கலர் டியூபு வரிசையா நிக்குது, அந்த நீலம் மெல்ல மங்கறது தெரியுது, ஆனா எதுத்தாப்புல இருக்கறவங்க காதுல விழறது நாலு எழுத்து மட்டும்தான்.

1990ல ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டியில எலிசபெத் நியூட்டன்னு ஒரு ஆராய்ச்சி மாணவி இதையே சோதனை பண்ணிப் பாத்தாங்க. ஒருத்தர் எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு பாட்டை மனசுல பாடிக்கிட்டே மேசையில விரலால தட்டணும், இன்னொருத்தர் அது என்ன பாட்டுன்னு கண்டுபிடிக்கணும். தட்டினவங்க பாதிப் பேராவது கண்டுபிடிச்சிடுவாங்கன்னு நெனச்சாங்க, ஆனா தட்டின 120 பாட்டுல கண்டுபிடிச்சது மூணே மூணு. தட்டறவங்க தலைக்குள்ள மெட்டு முழுசா ஓடுது, கேக்கறவங்களுக்கு வெறும் டக் டக்னு சத்தம்தான். நீ விருந்துல எஸ்.என்.எஃப்னு சொல்றப்போ நடக்கறதும் அச்சு அசலா இதேதான்.

நான் சொல்றது என்னன்னா, வேலையை வரிசையா சொல்லவே சொல்லாத. வேலைக்குள்ள இருக்கற ஒரே ஒரு புதிரை எடுத்து அவங்க கையில குடு. நம்ம லேப்புக்குள்ள அப்படி ஒண்ணு நல்லதாவே இருக்கு, பாலோட கனத்தைக் காட்டற லாக்டோமீட்டர் ஏமாந்து போற கதை. லாக்டோமீட்டர் பத்தி உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல, ஆனா விருந்துல எந்த வரிசையில சொல்லணும்னு தெரியணும்ல, அதுக்காக முழுசா எழுதறேன்.

"என்ன வேலை"ன்னு கேட்டதும் நீ சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "பால் வண்டி வந்ததும் அதுல என்ன திருட்டுத்தனம் பண்ணிருக்காங்கன்னு கண்டுபிடிக்கறது என் வேலைங்க." இங்க நிறுத்திடு. கட்டாயம் யாராவது "தண்ணி கலக்கறதா?"ன்னு கேப்பாங்க, ஏன்னா பால்ல தண்ணிங்கறது நம்ம ஊர்ல பச்சக்குழந்தைக்கும் தெரிஞ்ச விஷயம். அவங்களுக்குத் தெரிஞ்ச இடத்துல இருந்துதான் நீ அவங்கள தெரியாத இடத்துக்குக் கூட்டிட்டுப் போகணும். "ஆமாங்க, அதைக் கண்டுபிடிக்க ஒரு கண்ணாடிக் கருவி இருக்கு, பாலுக்குள்ள விட்டா மிதக்கும், நல்ல பால் தண்ணியவிட கனம், அதனால கருவி மேல தூக்கி நிக்கும், 30 பக்கம் காட்டும், தண்ணி கலந்தா இறங்கிப் போய் 25, 24னு காட்டும்." இதுவரைக்கும் எல்லாரும் தலையாட்டுவாங்க, ஏன்னா இது அவங்க எதிர்பாத்ததுதான்.

இப்பதான் புதிரைப் போடணும். "ஆனா ஒரு ஆள் தண்ணியும் கலக்கறான், கருவியும் சரியா 30னே காட்டுது, எப்படின்னு சொல்லுங்க பாப்போம்?"

சொல்லிட்டு நீ பேசாம இருக்கணும் அம்மிணி, இந்த இடம்தான் கஷ்டம். விடை தெரிஞ்சவங்களுக்கு வாய் பரபரன்னு இருக்கும், பத்து செகண்ட் சும்மா இருக்கறது ஒரு யுகம் மாதிரி தெரியும், ஆனா அந்த பத்து செகண்டுலதான் அவங்க உன் வேலைக்குள்ள வர்றாங்க. ஒருத்தர் சர்க்கரைன்னு சொல்லுவார், ஒருத்தர் மாவுன்னு சொல்லுவார், யாராவது ஒரு பெரியம்மா "நாங்க நகத்துல ஒரு சொட்டு விட்டுப் பாப்போம்"னு ஆரம்பிப்பாங்க. எல்லாத்தையும் கேட்டுக்க. சர்க்கரைன்னு சொன்னவரை "அதுவும் பண்றாங்க, அதுக்கு அப்புறம் வர்றேன்"னு சொல்லி வெச்சுக்க, அவர் உன் பக்கத்துலயே நிப்பார்.

அப்புறம் விடையை சொல்லு. "பால் ஆடை தண்ணியவிட லேசு, அதனாலதான் மேல மிதக்குது. ஆடையை எடுத்துட்டா மிச்சப் பால் இன்னும் கனமாயிடும், கருவி 30ல இருந்து 35க்கு ஏறிடும். அதுல ஆறு லிட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணி விட்டா திரும்ப 30க்கே வந்துடும். ஆடையையும் எடுத்தாச்சு, தண்ணியும் ஊத்தியாச்சு, கருவி மட்டும் சுத்தமான பாலுன்னு சொல்லுது." நான் இதை சொன்ன இடத்துல எல்லாம் இந்த வரியில ஒரு சத்தம் வரும், "அடேயப்பா"ன்னோ "கள்ளன்"னோ, அந்த சத்தம் வந்துச்சுன்னா உன் வேலை அவங்களுக்குப் புரிஞ்சிடுச்சுன்னு அர்த்தம், எஸ்.என்.எஃப்ங்கற வார்த்தையே நீ சொல்லல பாரு.

அந்த சத்தம் வந்ததும் அடுத்த கேள்வி தானா வரும், "அப்ப எப்படித்தான் புடிப்பீங்க?" அது வந்தா மட்டும் ஃபேட் டெஸ்ட்டுக்குப் போ. அப்பவும் கெர்பர் மெத்தட்னு பேரு சொல்லாத, கண்ணுக்குத் தெரியறதை சொல்லு. ஒரு கண்ணாடிக் குழாய், அதுல 10 மில்லி கந்தக ஆசிட், அது மேல கொஞ்சம் பால், ஒரு மில்லி ஆல்கஹால், குலுக்கினா குழாய் கையில புடிக்க முடியாத சூடாகும், துணி சுத்தித்தான் புடிக்கணும், வெள்ளைப் பால் கருஞ்சாக்லேட் கலரா மாறிடும், ஏன்னா பால்ல இருக்கற மத்ததையெல்லாம் ஆசிட் கரைச்சுடுது, கொழுப்பை மட்டும் அதால ஒண்ணும் பண்ண முடியல. அப்புறம் மிஷின்ல போட்டு சுத்தினா அந்த கொழுப்பு மட்டும் மஞ்சளா, கண்ணாடி மாதிரி தெளிவா மேல வந்து ஸ்கேல்ல நிக்கும், அந்த உயரம்தான் ஃபேட். ஆடையை எடுத்தவன் இங்க மாட்டிக்குவான். சூடு, கலர் மாறறது, மஞ்சள் கோடு, இந்த மூணும் போதும். எத்தனை ஆர்.பி.எம், எத்தனை நிமிஷம், 10.75 மில்லி பிப்பெட், இதெல்லாம் நமக்கு உசுரு, அங்க வேண்டாம்.

சர்க்கரைன்னு சொன்னவருக்கு இப்ப பதில் சொல்லு. தண்ணி ஊத்தி லேசான பாலை சர்க்கரையோ மாவோ போட்டு திரும்ப கனமாக்கலாம், கருவி ஏமாந்துடும், ஆனா மாவுன்னா அயோடின் ஒரு சொட்டு விட்டா நீலமாயிடும், இது பத்தாங்கிளாஸ் படிச்ச எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சர்க்கரைக்கு வேற கெமிக்கல் இருக்கு, போட்டு சூடு பண்ணினா செவந்துடும். கூடவே இன்னொண்ணும் சொல்லலாம், பால் உறையறது பூஜ்யம் டிகிரியில இல்ல, அதுக்கும் அரை டிகிரி கீழ போனாத்தான், தண்ணி கலக்கக் கலக்க அந்த அளவு பூஜ்யத்தை நோக்கி நகரும். அதையும் உப்போ சர்க்கரையோ போட்டு மறைக்கலாம்தான். ஆனா கனம், கொழுப்பு, உறையற அளவு மூணையும் ஒரே நேரத்துல ஒத்து வர வைக்கறது லேசுல நடக்காது, ஒண்ணை சரி பண்ணப் போனா இன்னொண்ணு காட்டிக் குடுத்துடும். நம்ம லேப்புல நடக்கறதோட சாரமே இதுதான்னு நான் நினைக்கறேன், ஒரு நம்பரை நம்பாம நம்பருங்களை ஒண்ணோட ஒண்ணு மோத விட்டுப் பாக்கறது. இதை ஒரு பேங்க்காரர்கிட்ட சொல்லிப் பாரு, அவரே "எங்க கணக்குலயும் இப்படித்தான்"னு பேச ஆரம்பிச்சுடுவார்.

இதெல்லாத்தையும் ஒரே மூச்சுல சொல்லிடணும்னு நெனச்சுடாத. முதல் வரி, புதிர், விடை, இது ரெண்டு நிமிஷம் கூட இல்ல. அதுக்கு மேல உள்ளது எல்லாம் அவங்க கேட்டாத்தான். எப்படித் தெரிஞ்சுக்கறதுன்னா, "ஓ அப்படியா"ன்னு ரெண்டாவது தடவை சொன்னாங்கன்னா நிறுத்திட்டு "உங்க வேலை எப்படிங்க"ன்னு கேட்டுடு. "அப்ப எப்படி", "அப்படின்னா வீட்டுல வாங்கற பால்ல"ன்னு ஆரம்பிச்சா தொடரலாம். எல்லாத்தவிட நல்ல அடையாளம் அவங்க சொந்தக் கதை வர்றது, "எங்க வீட்டுக்கு ஒரு பால்காரர் வருவாருங்க"ன்னு யாராவது தொடங்கினா உன் மிச்சக் கதையை அப்படியே விட்டுட்டு அதைக் கேளு, என்ன மாடு, காலையில கறக்கறதா சாயங்காலமா, காய்ச்சினா ஆடை எப்படி விழுதுன்னு நீ கேக்கற ரெண்டு கேள்வியிலயே நீ யாருன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடும்.

அடுத்தது, ஓணத்துல இந்தப் பேச்சு கண்டிப்பா ஒரு இடத்துல போய் நிக்கும், அதுக்கு நீ தயாரா இருக்கணும். எல்லார் கையிலயும் பாலடைப் பாயசம் இருக்கறப்போ, "அப்ப நாங்க குடிக்கறது எல்லாம் கலப்படமா, தமிழ்நாட்டுல இருந்து வர்ற பாலு எல்லாம் விஷமா?"ன்னு ஒருத்தர் கேப்பார். ஓணத்துக்கு முன்னாடி கேரளா பால்வளத்துறை மீனாட்சிபுரத்துலயும் வாளையாருலயும் டேங்கரை நிறுத்தி சோதனை பண்றது வருஷா வருஷம் பேப்பர்ல வருது, அதைப் படிச்சுட்டுத்தான் கேப்பாங்க. இங்க நீ கதை சுவாரசியமா இருக்கணும்னு பயமுறுத்திட்டா அது பெரிய தப்பு, இந்த ஒரு விஷயத்துல நான் ரொம்ப கண்டிப்பா இருப்பேன். லேப்ல இருக்கறவங்க சொன்னா ஜனங்க நம்பிடுவாங்க, அடுத்த நாள்ல இருந்து குழந்தைக்குப் பால் குடுக்கறதை நிறுத்திடற வீடும் இருக்கு.

உள்ளதை உள்ளபடி சொல்லு. 2018ல மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ நாடு முழுக்க 6,432 சாம்பிள் எடுத்து சோதிச்சாங்க, அதுல 93 சதவீதம் குடிக்க பாதுகாப்பானதுன்னு வந்துச்சு, உடம்புக்குக் கெடுதல் பண்ற கலப்படம் இருந்தது 12 சாம்பிள்ல மட்டும்தான். அதே சமயம் 41 சதவீதம் ஃபேட் மாதிரி ஏதாவது ஒரு தர அளவுல தேறாமப் போச்சு, அதாவது விஷம் இல்ல, குடுத்த காசுக்குத் தகுந்த பால் இல்ல. இந்த ரெண்டையும் சேத்து சொன்னாத்தான் நியாயம், 93ஐ மட்டும் சொன்னா கம்பெனிக்காரி பேசற மாதிரி இருக்கும், 41ஐ மட்டும் சொன்னா பீதி. அந்த சர்வேயில கலப்படத்தவிட கவலையா வெளிய வந்தது அஃப்ளாடாக்சின், பூசணம் புடிச்ச புண்ணாக்கையும் தீவனத்தையும் மாடு தின்னா பால்ல வர்ற நஞ்சு, காய்ச்சினாலும் போகாது. கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் மாடு வெச்சிருக்கற வீட்டு ஆளுங்க அந்த ஃபிளாட்டுல கண்டிப்பா யாராவது இருப்பாங்க, அவங்களுக்கு இதுதான் உபயோகம், மழைக்காலத்துல புண்ணாக்கு மூட்டையை ஈரத் தரையில போடாதீங்க, பலகை போட்டு அது மேல வைங்கன்னு நீ சொன்னா அவங்க வீட்டுக்குப் போய் அதைத்தான் முதல்ல செய்வாங்க.

மாடு வெச்சிருக்கறவங்கன்னு சொன்னதும் இன்னொண்ணு. திருட்டுத்தனம் கண்டுபிடிக்கறதுன்னு நான் சொல்லிக்குடுத்த முதல் வரி பேச்சைத் தொடங்க நல்லது, ஆனா அதுலயே நின்னுட்டா பால் ஊத்தறவங்க எல்லாரும் திருடங்கன்னு ஆயிடும், அது உண்மையும் இல்ல. எஸ்.என்.எஃப், அதாவது தண்ணியும் கொழுப்பும் போக பால்ல இருக்கற மத்த சத்து, குறைஞ்சு வர்ற பால்ல எத்தனையோ தடவை யாரும் எதையும் கலந்திருக்க மாட்டாங்க, நல்ல வெயில் காலம், பசுந்தீவனம் இல்ல, மடி நோய்னு அதுக்கு ஆயிரம் காரணம் இருக்கு. பசும்பால்னா ஃபேட் 3.2, எஸ்.என்.எஃப் 8.3க்கு குறையக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, காசும் இந்த ரெண்டு நம்பரை வெச்சுத்தான் குடுக்கறோம். அதனால ரெண்டு மாடு வெச்சிருக்கற ஒரு அம்மாவுக்கு இந்த வாரம் எவ்வளவு கையில வரும்ங்கறதை உன் குழாயில நிக்கற அந்த மஞ்சள் கோடுதான் முடிவு பண்ணுது. கோடு எங்க முடியுதுன்னு சாய்ச்சுப் புடிச்சுப் பாத்தா ஒரு அளவு, கண்ணு மட்டத்துல நேரா புடிச்சுப் பாத்தா இன்னொரு அளவு, அதனாலதான் நாம அதை இவ்வளவு கவனமா படிக்கறோம். கூட்டத்துல விவசாயக் குடும்பத்து ஆள் யாராவது இருந்தா புதிருக்கு அப்புறம் இதை சொல்லு. எனக்குத் தெரிஞ்சு நம்ம வேலையப் பத்தி சொல்றதுக்கு இதவிட கனமான விஷயம் கிடையாது.

எந்த சொசைட்டி பால், எந்த வண்டி திரும்பிப் போச்சு, எந்த ஊர் ஏஜெண்ட்டுன்னு பேரு மட்டும் வாயில வந்துடவே கூடாது. "ஒரு ஆள்"னு சொன்னாலே கதை நிக்கும். அந்த ஃபிளாட்டுல யாரு யாருக்கு சொந்தம்னு உனக்குத் தெரியாது, பார்டர் ஊர்ல எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வழியில சொந்தம்தான்.

குழந்தைங்க கேட்டா லாக்டோமீட்டர் வேண்டாம், நீலக் கலர் கதையை சொல்லு. பால்ல ஒரு நீலச் சாயம் விட்டு வெதுவெதுப்பா வெச்சா உள்ள இருக்கற பாக்டீரியா ஆக்சிஜனைத் தின்னுத் தின்னு நீலத்தை வெள்ளையாக்கிடும், நல்ல பால்னா அஞ்சு மணி நேரத்துக்கு மேலயும் நீலமாவே இருக்கும், மோசமான பால்னா அரை மணி நேரத்துல வெளுத்துடும். எந்த டியூபு முதல்ல வெளுக்கும்னு அவங்களே பந்தயம் கட்டுவாங்க.

ஓணத்துக்கு முன்னாடி வீட்டுக்காரர்கிட்ட ஒரு தடவை சொல்லிப் பாரு, அவருக்கு ஏற்கனவே விடை தெரியும்னா வேண்டாம், மாமியார்கிட்டயோ பக்கத்து வீட்டுலயோ சொல்லிப் பாரு. கேள்வியைப் போட்டுட்டு பத்து செகண்ட் வாயைத் திறக்காம இருக்க முடியுதான்னு மட்டும் பாத்துக்க. அங்க மலையாளத்துல பேச வேண்டி வந்தா உனக்கு நல்லா வர்ற அளவுக்கு மலையாளம் பேசிட்டு, அந்த 30, 35 வர்ற இடத்தை மட்டும் கைய வெச்சுக் காட்டு, ஒரு கை பால் மட்டம், இன்னொரு கை கருவி, ஆடையை எடுத்தா கருவிக் கை மேல போகணும், தண்ணி விட்டா திரும்ப பழைய இடத்துக்கு இறங்கி வரணும்.